கூட்டல் ஒத்துப்போன பிறகு

பன்னிரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் புகைப்படங்கள் டிசம்பர் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். ஜனவரி 1 வரைக்குமான வருகையைக் கணக்கிட்டு, குறைந்தவர்களின் பட்டியலை எடுக்க வேண்டும். மருத்துவ அவசரம், தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி போன்ற காரணம் உள்ளவர்களுக்கு ஆவணங்களோடு தளர்வு கேட்க அதன் பிறகு சில நாள்களே இருக்கும். பதிவேட்டை கிளாஸ் டீச்சர் கையிலிருந்து வாங்க முடியாது, தினமும் அவருக்கு அது வேண்டும். அதனால்தான் படம்.

எங்கள் பதிவேட்டில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்தில் இரண்டு வேளை. காலையில் வந்தால் ஒரு சாய்கோடு, பிற்பகலில் வந்தால் அதன் குறுக்கே இன்னொன்று. முழுநாள் வந்தவருக்குப் பெருக்கல் குறி விழும். வராத வேளைக்கு ஒரு சின்ன ‘ஏ’. ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு மையில் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கும். கீழ் ஓரத்தில் அன்றன்று வந்தவர்களின் எண்ணிக்கை, வலது ஓரத்தில் மாத முடிவில் ஒவ்வொருவரும் வந்த கணக்கு. கீழ்க்கூட்டல், பக்கக்கூட்டல் என்று இவற்றைச் சொல்வோம்.

கணக்கை நாளில் போடாமல் வேளையில் போடுவதுதான் சௌகரியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். சில நாள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு மழை வலுத்து, மதியத்தோடு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு வேளைதான் பள்ளி. வகுக்கும் எண்ணில் இதை முழுநாளாகச் சேர்த்தால் வகுப்பே பாதி நாள் வராததாக ஆகிவிடும். ஓர் ஆண்டுக் கணக்கைச் சொல்கிறேன்: ஜூன் முதல் டிசம்பர் வரை பள்ளி திறந்தது 140 நாள், அதில் இரண்டு நாள் மதியத்தோடு மூடினார்கள். ஆக 278 வேளை.

வந்த வேளைகளை நான் எண்ணுவதில்லை; வராதவற்றைத்தான் எண்ணுவேன். அந்த ஆண்டு நவம்பரில் 36 பேருக்கு 41 வேளை, அதாவது 1,476 குறிகள். அத்தனை சாய்கோட்டையும் படத்தில் எண்ணினால் கண் சொருகிவிடும். ‘ஏ’க்கள் 118 தான். 1,476-இல் 118 போக 1,358. கீழ் ஓரத்தில் டீச்சர் எழுதிய எண்களைத் தனியே கூட்டினாலும் 1,358 வர வேண்டும். வராவிட்டால் நாள் நாளாகப் பார்த்து எந்தக் கட்டம் இடிக்கிறது என்று பிடித்துவிடலாம். பெரும்பாலும் அது நடுத்தையலை ஒட்டிய நாளாக இருக்கும். அங்கே தாள் வளைந்து, நிழல் விழுந்து, ‘ஏ’ எது சாய்கோடு எது என்று தெரியாமல் போகும்.

ஆனால் கூட்டல் ஒத்துப்போனாலும் பட்டியல் தப்பாக இருக்க முடியும். அந்த நவம்பரில் அதுதான் நடந்தது. தட்டச்சு செய்தவர், “சார், கீழ்க்கூட்டல் டேலி ஆயிடுச்சு, பிரிண்ட் எடுத்துடலாமா?” என்று கேட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். 23-ஆம் எண் பையன் 11-ஆம் தேதி திங்கட்கிழமை முதல் 15 வெள்ளி வரை தொடர்ந்து வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் ஒரு வேளைகூட விடாமல் வந்திருக்கிறான். அவனுக்கு முந்தைய 22-ஆம் எண் பெண், 15 வரை தவறாமல் வந்தவள், 18 முதல் 22 வரை ஐந்து நாளும் இல்லை. ஒருவன் லீவ் முடிந்த இடத்தில் பக்கத்து வரிசைக்காரிக்கு லீவ் தொடங்குகிறது. அது போக, ஒன்று முதல் பதினைந்து வரை இடது பக்கம், பதினாறு முதல் வலது பக்கம். சந்தேகப்பட இவ்வளவு போதும்.

படங்களை மறுபடி திறந்தோம். இடது பக்கம் ஒரு படம், வலது பக்கம் ஒரு படம். பெயர்கள் இடது பக்கத்தில் மட்டும்தான். 18-ஆம் எண் மாணவன் அக்டோபரிலேயே டி.சி. வாங்கிப் போய்விட்டான். இடது பக்கத்தில் அவன் பெயர் மேல் சிவப்புக் கோடு இருக்கிறது; வலது பக்கத்தில் அந்த வரி வெறுமனே கிடக்கிறது. வலது படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் அந்த வெற்று வரியைத் தாண்டி அடுத்ததை 18-இல் போட்டுவிட்டார். அங்கிருந்து கடைசி வரை எல்லாரும் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். 19-ஆம் எண் அந்த இரண்டு வாரமும் முழுக்க வந்திருந்ததால் 18-இல் ‘ஏ’ எதுவும் விழவில்லை, கண்ணில் படவும் இல்லை. கடைசி 37-ஆம் வரி காலியாகிவிட்டது. வராததை மட்டுமே எண்ணும் தாளில் காலி என்றால் முழு வருகை! இந்த முறையில் உள்ள பலவீனம் இதுதான், தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.

கீழ்க்கூட்டல் ஏன் இதைக் காட்டவில்லை? ஒரு நாளில் எத்தனை பேர் இல்லை என்பதுதான் அதற்குத் தெரியும், யார் இல்லை என்பது தெரியாது. ‘ஏ’ அதே நாளுக்குள் ஒரு வரிசை மேலே போனால் நாளின் எண்ணிக்கை மாறாது, மாதத்தின் மொத்தமும் மாறாது. 23-ஆம் எண்ணுக்கு அம்மை. அவன் வராத வேளைகள் ஆண்டு முழுவதற்கும் 74. வந்தது 204, அதாவது 73.38 சதவீதம். தப்பான தாளில் பத்து வேளை குறைந்து 76.97 ஆகித் தப்பித்துவிட்டான். அவன் பெற்றோரிடம் மருத்துவச் சான்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. 62 வேளை மட்டுமே வராத அந்தப் பெண்ணோ பத்து வேளை கூடி 74.10-க்கு இறங்கிப் பட்டியலில் நிற்கிறாள். உண்மையில் அவளுக்கு 77.69.

ஆளைத் தவறவிட்டால் காட்டிக்கொடுப்பது பக்கக்கூட்டல்தான். ஆனால் அது பல சமயம் படத்தில் வந்திருக்காது. ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், இல்லை பிடித்தவரின் கட்டைவிரல் அதன் மேல் இருக்கும். சில டீச்சர்கள் பருவ முடிவில்தான் அதை நிரப்புவார்கள். அதனால் இப்போது படம் எடுக்கும்போதே ஒரு வேலை செய்கிறோம். பதிவேட்டின் வரி இடைவெளிக்குச் சரியாக 1 முதல் 40 வரை எண்ணிட்ட நீளமான காகிதப் பட்டை ஒன்று இருக்கிறது. வலது பக்கத்தைப் படமெடுக்கும் முன் அதை நடுத்தையல் ஓரமாக வைத்துவிட வேண்டும். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் எண் கூடவே வருகிறது. இது தவிர இரண்டு பக்கமும் சேர்ந்த முழுப்படம் ஒன்றும் வாங்கிக்கொள்வேன்.

ஸ்கேன் செய்யும் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் பளிச்சென்று தெரிய அவை நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடும். அப்போது சிவப்பு மையும் நீல மையும் ஒன்றாகிவிடும். டி.சி. வாங்கியவனின் சிவப்புக் கோடு சாதாரண அடித்தல் மாதிரி தெரியும், திருத்தத்தின் மேல் போட்ட சிவப்புச் சுருக்கொப்பம் இன்னொரு ‘ஏ’ மாதிரி தெரியும். நிறத்தோடு எடுங்கள், வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். ஃபோட்டோவாக வந்தால் சுருங்கி, பெரிதாக்கும்போது குறிகள் கரைந்துபோகும்.

எவ்வளவு நல்ல படமானாலும் படிக்க முடியாத கட்டங்கள் சில இருக்கும். அவற்றுக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதுவதில்லை, கேள்விக்குறி போட்டு வைப்பேன். பிறகு அந்த வேளைகளெல்லாம் வந்ததாக ஒரு முறை, வராததாக ஒரு முறை கணக்குப் பார்ப்பேன். 90 சதவீதம் உள்ளவருக்கு நான்கு கேள்விக்குறி இருந்தாலும் கவலையில்லை. ஒரு கணக்கில் கோட்டுக்கு மேலும் இன்னொன்றில் கீழும் வருபவர்களுக்காக மட்டும் வகுப்புக்குப் போய் பதிவேட்டையே திறந்து பார்ப்பேன். இப்படிப்பட்டவர்கள் ஒரு வகுப்பில் ஓரிருவர் இருந்தாலே அதிகம்.

கடைசியில் வகுத்தல். 278-இல் 75 சதவீதம் 208.5. அரை வேளை என்று ஒன்று இல்லை. 209 வந்திருக்க வேண்டும், 69 வேளை வரை இல்லாமல் இருக்கலாம். 70 வேளை வராத பையனுக்கு 74.82 சதவீதம். எக்செலில் தசமம் இல்லாமல் காட்டச் சொன்னால் அந்தக் கட்டத்தில் 75% என்று நிற்கும். உள்ளே இருக்கும் எண் சரியாகத்தான் இருக்கும். அதை யாராவது பார்த்து வேறு தாளில் எழுதும்போதுதான் 75 ஆகிவிடும். அதனால் யார் குறைவு என்று முடிவு செய்ய நான் சதவீதத்தைத் தொடுவதே இல்லை. வந்த வேளையை நான்கால் பெருக்கி, மொத்த வேளையை மூன்றால் பெருக்கி ஒப்பிட்டால் தசமமே வராது. பி நிரலில் வந்தது, சி நிரலில் மொத்தம்:

```
=IF(4*B2<3*C2,"குறைவு","")
```

சதவீதத்தைப் பார்வைக்காக மட்டும், இரண்டு தசமத்தோடு, கீழ்நோக்கி வெட்டிப் போடுவேன்.

சி நிரல் எல்லாருக்கும் ஒரே எண்ணாக இருக்காது. நடுவில் வேறு பள்ளியிலிருந்து சேர்ந்த பெண்ணுக்கு முந்தைய பள்ளியின் வருகையும் சேர வேண்டும். அங்கே 64 வேளையில் 38, இங்கே 216-இல் 174 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 59 சதவீதம், இங்கே 80 சதவீதம், சராசரி 70, ஆகவே குறைவு என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். சதவீதங்களைச் சராசரி போடக் கூடாது. வந்ததை வந்ததோடும் மொத்தத்தை மொத்தத்தோடும் கூட்ட வேண்டும்: 280-இல் 212, அதாவது 75.71. அவள் பட்டியலிலேயே இல்லை.

பட்டியலில் சதவீதத்துக்குப் பக்கத்தில் ‘குறையும் வேளை’ என்று இன்னொரு நிரல் சேர்த்திருக்கிறேன். 204 வந்த அம்மைப் பையனுக்கு அதில் 5 என்று இருக்கும். தலைமையாசிரியருக்கு 73.38-ஐவிட அந்த ஐந்துதான் உதவுகிறது. எத்தனை நாளுக்குச் சான்று தேவை என்று உடனே தெரிகிறது. இதே கணக்கை இப்போது அக்டோபர் முடிவிலும் ஒரு முறை போடுகிறோம். அப்போது சதவீதமே எழுதுவதில்லை. நாள்காட்டியைப் பார்த்து ஆண்டின் மொத்த வேளையை உத்தேசமாக வைத்து, அதில் கால் பங்கை எடுத்து, ஒவ்வொருவருக்கும் இன்னும் எத்தனை வேளை மிச்சம் என்று மட்டும் எழுதுகிறோம். 60 வேளை ஏற்கெனவே போன பிள்ளைக்கு மிச்சம் ஒன்பது. மழை விடுமுறை கூடினால் அதுவும் குறையும் என்பதால், மிச்சம் பத்துக்குக் கீழே உள்ளவர்களின் வீட்டுக்கு கிளாஸ் டீச்சர் தனித்தனியாகப் பேசுகிறார். பட்டியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போவதில்லை.