வெள்ளாடு ஏன் மதில் ஏறுகிறது?

உத்தமபாளையத்தை ஒட்டிய ஒரு தெருவில் ஒன்பது வெள்ளாடுகள் வளர்க்கும் பெண்மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் புகாரோடுதான் பொழுது விடியும். திராட்சைப் பெட்டி ஏற்றும் அவருடைய வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும். "மதினி, வந்து பாருங்க. வண்டிக் கூரை மேல நின்னு கொழையைத் தின்னுக்கிட்டிருக்கு. பானட்டு முழுக்கக் குளம்புக் கீறல்" என்பார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

புகார் தாங்காமல் ஆடுகளைக் கட்டிப்போட்டார் அந்தப் பெண்மணி. சினையாக இருந்த ஓர் ஆட்டுக்கு மதிலோரம் முளை அடித்து, ஆறடிக் கயிற்றில் கட்டிவிட்டு நடவு வேலைக்குப் போனார். மதில் ஐந்தடி உயரம். ஆடு அத்தனை உயரம் தாவாது என்று நினைத்திருந்தார். ஆனால், பக்கத்தில் துணி துவைக்கிற கல் கிடந்தது. கல்லில் ஏறி, மதிலில் ஏறி, அந்தப் பக்கம் குதித்துவிட்டது ஆடு. மதில் உச்சிவரை ஐந்தடி போக, மறுபக்கத்துக்கு மிஞ்சிய கயிறு ஒரே ஒரு அடிதான். மதியம் அவர் திரும்பி வந்தபோது கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது.

"இவ்வளவு தீனி போட்டும் இது ஏன் சார் செவுரு ஏறுது?" என்று கால்நடை மருத்துவரிடம் அழுதார். அது சேட்டையல்ல, பிறவிக் குணம் என்று விளக்கினார் மருத்துவர்.

இன்றைய வெள்ளாடுகளின் மூதாதை, ஈரான், துருக்கி பக்கத்து மலைகளில் பாறைச் சரிவுகளில் வாழும் காட்டு வெள்ளாடு. ஓநாயும் சிறுத்தையும் துரத்தினால் அவை ஏற முடியாத பாறைக்குப் போய்விடுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. மனிதர்கள் அதைப் பிடித்துப் பழக்கிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. பிறந்து சில நாளே ஆன குட்டிகூடப் படுத்திருக்கும் தாயின் முதுகில் ஏறி நிற்கும். கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே மேகமலையில் இருக்கும் வரையாடும் இப்படித்தான் பாறையை நம்பி வாழ்கிறது. பெயரில் ஆடு என்றாலும், மரபணு ஆய்வுப்படி அது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம்!

ஏறுவதற்குத் தோதாகவே குளம்பும் அமைந்திருக்கிறது. இரண்டாகப் பிளந்த குளம்பு விரிந்து கல்லைப் பற்றும். ஓரம் கெட்டியாக இருப்பதால் சிறு விளிம்பிலும் நிற்கும். நடுவில் உள்ள மெத்தென்ற பகுதி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தீனி. வெள்ளாடு தழை மேயும் பிராணி. கொடுக்காப்புளி, வேம்பு, வாகை என்று எட்டாத கிளைதான் அதற்கு ருசி. மொராக்கோ நாட்டில் ஆர்கன் மரக் கிளைகளில் ஏறி நின்றே பழம் தின்னும். மேலே மேய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் பனி ஈரம் உள்ள புல்லின் அடிப்பகுதியில்தான் ஒட்டியிருக்கும். உயரத்துத் தழையில் அந்தத் தொல்லை குறைவு. மழைக்காலத்தில் ஈரத் தரை பிடிக்காமலும் காய்ந்த மேட்டைத் தேடி ஏறும்.

அதன் பிறகு அந்த வீட்டில் கட்டுகிற முறையே மாறியது. ஆறடிக் கயிறு என்றால் மதில், வண்டி, தாழ்ந்த மரக்கவை எல்லாவற்றிலிருந்தும் பத்தடியாவது தள்ளித்தான் முளை. ஆடு முன்னங்காலை நீட்டினாலும் மதிலைத் தொடக் கூடாது என்பதுதான் கணக்கு. கவையில் காலோ கொம்போ மாட்டி எலும்பு முறிவதும் உண்டு என்பதால், தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டார்.

ஏறுகிற ஆசைக்கும் ஒரு வழி செய்தார். பட்டியின் நடுவில், வேலியிலிருந்து தள்ளி, கருங்கற்களை ஆடாமல் அடுக்கி இரண்டடி உயரத்தில் ஒரு மேடை. ஓரத்தில் வைத்தால் அதுவே வேலி தாண்டப் படியாகிவிடும். சொரசொரப்பான கல்லில் ஏறி இறங்குவதால் குளம்பும் ஓரளவு தேய்கிறது. தழையைத் தரையில் போடாமல், ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுகிறார். சினை ஆடுகளை மட்டும் மேடைக்கு விடாமல் தனியாக வைக்கிறார்.

காலையில் பட்டியைத் திறந்ததும் அவர் பார்ப்பது மேடையைத்தான். வழக்கமாக முதலில் ஏறுகிற ஆடு கீழேயே நின்றால், குளம்பு வளர்ந்திருக்கிறதா, இடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு கீழ் இமையை விலக்கிப் பார்க்கிறார். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் குடற்புழுவாக இருக்கலாம் என்று மருந்தகத்துக்கு ஓட்டிப் போகிறார்.

பெரிய ஆடுகள் இப்போது வண்டிப் பக்கம் அதிகம் போவதில்லை. குட்டிகள்தான் கேட்பதாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பானட்டு மேல் பழைய சாக்கை விரித்துப் போட்டுவிட்டு வண்டியை நிறுத்துகிறார்.