ஃபோம் ஈட்டிக்கும் விசில் உண்டு

"ஃபோம் ஈட்டி பட்டா வலிக்காதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கட்டுப்பாடு?" புதுசா வர்ற பசங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

ஈட்டி என்றால் நமக்கு முனைதான் பயம். ஆனால் தரையில் குத்தி நிற்கும் நிஜ ஈட்டியின் வால், எறிந்தவர் பக்கமாகச் சாய்ந்திருக்கும். எடுக்க ஓடி வருகிறவர் தடுக்கினால் அதன் மேலேயே விழுவார். ஓடாத பழக்கத்தை அதற்கு முன்பே ஃபோமில் படிய வைக்க வேண்டும்.

12 பேர், 6 ஈட்டி என்று வையுங்கள். 6 பேர் கோட்டில், ஆளுக்கு ஆள் 3 மீட்டர் இடைவெளி. மற்ற 6 பேர் 5 மீட்டர் பின்னால். முதல் விசிலுக்கு எறிய வேண்டும். எல்லா ஈட்டியும் விழுந்த பிறகுதான் இரண்டாவது விசில். அப்போது நடந்து போய், பக்கவாட்டில் நின்று எடுத்து, முனை கீழே பார்க்க நிமிர்த்திப் பிடித்துத் திரும்ப வேண்டும். திருப்பி எறியக் கூடாது.

ஃபோம் ஈட்டி தரையில் குத்தாது. அதனால் பிடுங்கும் முறையை மட்டும் அதில் கற்க முடியாது. நிஜ ஈட்டி தரும் முதல் நாளே, எறிவதற்கு முன், அதைச் சொல்லித்தர வேண்டும்: ஒரு கை வால் நுனியில், பின்னால் ஒரு பார்வை, பிறகு இழுப்பு.

யாருக்கு நிஜ ஈட்டி தரலாம்? தூரத்தைப் பார்க்காதீர்கள். கை நழுவி ஈட்டி காலடியிலேயே விழுந்தாலும் விசில் வரும்வரை குனியாமல் நிற்கிறானே, அவனுக்குத் தரலாம்.