பெரிய பாரும் ஒரு நாட்குறிப்பும்

மேல்வகுப்பு மாணவர்க்கு நாட்குறிப்பெழுதும் பழக்கத்தை உண்டாக்கச் சில ஆண்டுகளாக முயன்று வருகின்றோம். அவர்கள் விரும்பித் தரும் பக்கங்களை வாரந்தோறும் வாசிப்பது நமது வழக்கம். அவற்றுள் ஒரு பக்கம் நம்மையே திருத்தியது. விழா மலருக்குக் கட்டுரை கேட்டபொழுது அதனையே எழுதத் துணிந்தோம். எழுதிய மாணவன் இசைந்தான். தன் பெயர் மட்டும் வேண்டாமென்றான்.

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்புப் பற்றிய பாடமொன்றை முடித்து, "முத்துச் சிப்பிகளை அழித்தவர் யாவர்?" என்று ஒரு வினாக் கொடுத்திருந்தோம். 1891ஆம் ஆண்டின் பின் 1903 வரை இலங்கைக் கடலில் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை என்பதை எடுத்துக்காட்டி, "மட்டின்றிக் குளித்தோரே அழித்தனர்" என்று இம்மாணவன் அழகுற எழுதியிருந்தான். பத்துக்கு ஒன்பது புள்ளி இட்டோம். அடுத்த வாரம் அவனது நாட்குறிப்பு வந்தது. அது வருமாறு:

"இன்று என் விடையை அப்புவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பேசாலைக் கடலில் நாற்பது ஆண்டு தொழில் செய்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, 'எந்தப் பார் தம்பி?' என்றார். பெரிய பார் என்றேன். 'அதின்ரை அடி கல்லோ, மணலோ?' என்றார். எனக்குத் தெரியவில்லை. 'கல்லெண்டால் நங்கூரம் கொளுவும், மணலெண்டால் இழுபடும். சிப்பிக்கும் அப்பிடித்தான்' என்று சொல்லி வலையைப் பொத்தத் தொடங்கிவிட்டார்.

"நூலகத்திற் பேராசிரியர் ஹேர்ட்மன் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். முத்துக்குளிப்பு ஏன் கெட்டதென்று ஆராய அரசினர் அவரை அழைத்தனர். 1902 மார்ச்சில் பெரிய பாரின் அடியெங்கும் இளஞ்சிப்பிகள் கோடிகோடியாய்ப் படிந்து கிடந்தன. நவம்பரில் மீண்டும் பார்த்தபொழுது அவை இல்லை. இடையில் எவரும் அங்கே குளிக்கவில்லை. முன்னரும் பலமுறை அந்தப் பாரில் இளஞ்சிப்பி நிறைந்தும் குளிப்புக்கு உதவவில்லையாம். மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையில் வந்தது சோளகம். நான் அழித்தவனைத் தேடினேன், அடியைப் பார்க்கவில்லை. என் விடை பிழை. தயவுசெய்து ஒன்பதை மாற்றுங்கள்."

மாணவன் கண்டதைச் சிறிது விரித்தல் வேண்டும். முத்துச் சிப்பி தன் உடலினின்று நூல்போன்ற இழைகளை விட்டு, கல்லையோ பவளப்பாறையையோ பற்றிக்கொண்டு வளரும். பெரிய பார், கரைக்கு அண்மையிலுள்ள பார்களைப்போலன்றி, திறந்த கடலை நோக்கிக் கிடப்பது. அதன் மேற்கே அடி செங்குத்தாய் ஆழ்கடலுள் இறங்குகின்றது. அங்கே மணல் மிகுதி. இளஞ்சிப்பி சிறு ஓட்டுத் துண்டையோ பாசியையோ, ஒன்றையொன்றோ பற்றிக்கொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து அடிமணலைக் கலக்கும்பொழுது பற்றியதும் பற்றப்பட்டதும் ஒருங்கே அடித்துச் செல்லப்படும். ஹேர்ட்மன் கொண்ட முடிபு இதுவே. ஆதலால் அங்கே படியும் இளஞ்சிப்பிகளைக் காற்றுக்கு முன்னரே அள்ளிக் கரைப்புறத்து நல்ல பார்களில் இடுமாறு அவர் கூறினார்.

மனிதர் குளித்தெடுத்த சிப்பிக்கு அடையாளம் உண்டு. பாடியடித்த கரையில் ஓடுகள் மேடாகக் குவியும். சிலாபத்துறைப் பக்கத்தார் இதனை அறிவர். பெரிய பாரின் சிப்பிகளுக்கோ அத்தகைய மேடு எங்கும் இல்லை.

எனினும் மாணவனது முதல் விடை முற்றும் பொய்யன்று. கரைப்புறத்துப் பார்களில் 1903 தொடக்கம் ஆண்டுதோறும் பெருங்குளிப்பு நடந்தது. 1907இன் பின் நெடுங்காலம் குளிப்பின்றி, 1925இலேயே மீண்டும் நடைபெற்றது. அங்கே அளவு மீறி எடுத்தமையையும் ஒரு காரணமாக ஆராயலாம். சிப்பியைத் தின்னும் திருக்கையையும் கிளாத்தியையும் சேர்த்தே ஆராய வேண்டும். ஒரு பாருக்குப் பொருந்தக்கூடிய விடையை மற்றொரு பாருக்குச் சொன்னதே அவன் செய்த பிழை. அப்பிழைக்கு வழி காட்டியவரோ நாமே. 'யாவர்' என்பது உயர்திணை வினா. அச்சொல்லை இட்டவுடனே காற்றும் மணலும் விடையினின்று நீங்கிவிட்டன. திணை வழுவை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம் அதனை நம் வினாவிற் காணவில்லை.

ஒன்பதை நாம் மாற்றவில்லை. வினாவைத்தான் மாற்றினோம். "1902 மார்ச்சிற் பெரிய பாரில் இருந்த சிப்பிகள் நவம்பரில் இல்லாமற் போனமைக்குக் காரணம் யாது?" என்று இப்பொழுது கேட்கின்றோம். அதற்கு விடை எழுதுமுன் மாணவர் சிலர் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் சென்று, அந்தப் பாரின் அடி கல்லோ மணலோ என்று கேட்டு வருகின்றனர்.