அக்கறை இல்லை என்று எழுதலாமா?

எங்கள் மாதர் சங்கத்தின் தையல் கூடத்தில் மொத்தம் 11 பெண்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடச் சட்டைதான் முக்கிய வரும்படி. சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் சம்பளக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. 2025 ஆகஸ்டு கடைசியில் சூபர்வைசர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, சரசுவுக்குக் கொடுக்கணும். ஒரு கையெழுத்துப் போடுங்க."

(சரசு என்பது நான் வைத்த பெயர். சொந்தப் பெயர் வேண்டாமே.)

காகிதத்தில் நாலே வரி. "உங்கள் வேலையில் அக்கறை இல்லை. தரம் மிகவும் குறைந்துவிட்டது. 30 நாட்களுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்."

பெரிய கம்பெனிகளில் இந்த மாதிரிக் காகிதத்துக்கு 'பி.ஐ.பி.' என்று பெயர். நாம் 'பணி மேம்பாட்டுத் திட்டம்' என்று சொல்லிக்கொள்ளலாம். என் நாத்தனார் பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே 'சீட்டு கிழிஞ்சுது' என்றுதான் அர்த்தமாம். அனுப்பிவிடுவதென்று முடிவு கட்டிவிட்டு, ஊருக்குக் காட்டுவதற்காக எழுதினால் அப்படித்தான் பெயர் வாங்கும். சரசு எங்களிடம் 9 வருஷமாக இருக்கிறவள். அவள் தேற வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறோம் என்றால், அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள். நாளைக் காலையில் மிஷினில் உட்கார்ந்ததும் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லையே!

கையெழுத்துப் போடாமல், "நோட்டை எடுத்துண்டு வா" என்றேன்.

ஆறு வாரக் கணக்கைப் பார்த்தோம். சரசு வாரத்துக்கு 30 சட்டை தைத்திருந்தாள். அதில் 8 சட்டை செக்கிங்கிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதே சட்டையைத் தைக்கிற மற்ற நாலு பேரும் 37லிருந்து 42 வரை தைக்கிறார்கள், அவர்களுக்குத் திரும்புவது 2 அல்லது 3. ஆக, சூபர்வைசர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நோட்டில் எத்தனை திரும்பியது என்று இருந்ததே தவிர, எதனால் என்று இல்லை. கடைசி இரண்டு வாரத்தில் திரும்பிய 17 சட்டையையும் மேஜையில் பரப்பினோம். 12 சட்டையில் காலர் கோணல். மூன்றில் பாக்கெட் சாய்வு. மீதி இரண்டில் சில்லறைக் குறை.

அப்புறந்தான் விஷயம் துலங்கியது. ஜூன் மாதம் வரை நாங்கள் தைத்தது பட்டி இல்லாத தட்டைக் காலர். ஜூனிலிருந்து வந்த ஆர்டரில் பட்டி வைத்துத் தைக்கிற காலர். மற்ற நாலு பேரும் வெளியே தைத்துப் பழகியவர்கள். சரசு எங்களிடமே தொழில் கற்றவள், அவளுக்கு அந்தக் காலரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது கையை எட்ட நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்கிறாள். வயது 43. நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது எல்லாருக்கும் வருகிறதுதான். நம் பாட்டிமார் வெள்ளெழுத்து என்பார்களே, அதுதான்.

ஆகவே 'அக்கறை' என்ற வார்த்தையை முதலில் அடித்தேன். மனசுக்குள் இருப்பதை நாம் எப்படி எழுதுவது? கண்ணால் பார்த்ததை, எண்ணிப் பார்த்ததைத்தான் எழுத முடியும். (திருட்டு, கைகலப்பு மாதிரி விவகாரங்களுக்கு விசாரணை என்று தனி வழி இருக்கிறது. அதை இந்தத் திட்டத்தோடு கலக்கக் கூடாது.)

குறி எவ்வளவு வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் தர்க்கம். "ஒண்ணுகூடத் திரும்பக் கூடாதுன்னு போடுங்க அக்கா" என்றாள் சூபர்வைசர். நன்றாகத் தைக்கிறவளுக்கே வாரம் இரண்டு திரும்புகிறபோது இவளுக்கு மட்டும் பூஜ்யமா? மற்றவர்களில் குறைந்தபட்சம் எவ்வளவோ அதையொட்டி வைப்பதுதான் நியாயம் என்றேன். நாளைக்கு 6 சட்டை, திரும்புவது 12க்கு 1க்கு மேல் போகக் கூடாது என்று முடிவாயிற்று.

ஏன் இப்படி இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் தெரியுமா? திரும்புவதை மட்டும் எண்ணினால், பயந்துகொண்டு நாளைக்கு மூன்றே சட்டை தைத்தாலும் குறி எட்டிவிடும். தைத்ததை மட்டும் எண்ணினால் அவசரம்தான் மிஞ்சும். வாரக் கணக்காக இல்லாமல் நாள் கணக்காக வைத்ததற்கும் காரணம் உண்டு. ஆயுத பூஜை வாரத்தில் வேலை நாள் குறைவு. லீவு போட்ட நாளும் கணக்கில் வராது.

எது 'கோணல்' என்பதையும் எழுதினோம். காலரின் இரண்டு நுனிக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்புவது, அதற்குள் என்றால் ஏற்பது. இந்த அளவு எல்லார் சட்டைக்கும் ஒன்றே. செக்கிங் செய்கிறவளுக்கு யார் தைத்தது என்று தெரியாமல் இருக்க, பெயர்ச் சீட்டை எடுத்துவிட்டு நம்பர் மட்டும் போட்டோம். ஒருத்தியின் வேலை சரியில்லை என்று ஊரெல்லாம் பேச்சு வந்துவிட்டால், நல்ல சட்டைகூட கண்ணுக்குக் கோணலாகத்தான் தெரியும்!

அடுத்தது, நாங்கள் என்ன செய்து தரப்போகிறோம் என்பது. "தேவையான உதவி செய்யப்படும்" என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். யார், என்று, எத்தனை மணி நேரம் என்று இருக்க வேண்டும். மூத்த தையல்காரி செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம், மூன்று வாரத்துக்கு, பக்கத்தில் உட்கார்ந்து காலர் சொல்லித் தருவாள். அந்த நாட்களில் இருவர் கணக்கிலும் ஒரு சட்டை குறைத்துக்கொள்ளப்படும். (இல்லாவிட்டால் சொல்லித் தருகிறவள் முகம் சுளிப்பாள், கற்றுக்கொள்கிறவள் கூசிப்போவாள்.) காலருக்கு அட்டை அளவு வெட்டித் தருவது, செப்டம்பர் 4க்குள் மெக்கானிக் வந்து மிஷினைப் பார்ப்பது, தலைக்கு மேல் ஒரு டியூப் லைட். கண் பரிசோதனைக்கு, விருப்பப்பட்டால், சம்பளத்தோடு அரை நாள் லீவு. கண்ணாடிச் செலவு சங்கத்துடையது. 'கண் தெரியவில்லை' என்று மட்டும் காகிதத்தில் எழுதவில்லை. ஒருத்தியின் உடம்பு விஷயம் ஃபைலில் கிடக்க வேண்டிய அவசியம் என்ன?

கெடு நாள் 30 என்று சூபர்வைசர் போட்டிருந்தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரம் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். மீதி ஒரு வாரம். அதில் என்னத்தைக் காட்டுவாள்? எட்டு வாரம் என்றேன். செப்டம்பர் 1ல் ஆரம்பித்தால் எட்டு வாரம் அக்டோபர் 25ல் முடிகிறது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. தீபாவளியை ஒட்டி இரண்டு வாரம் எங்கள் கூடத்தில் நைட்டியும் ரவிக்கையும்தான், சட்டையே கிடையாது. தைக்காத சட்டையை எப்படி அளப்பது? ஆகவே அக்டோபர் 11 வரை ஆறு வாரம், தீபாவளி இரண்டு வாரம் நீக்கி, அக்டோபர் 27லிருந்து நவம்பர் 8 வரை இரண்டு வாரம். அந்தக் கடைசி இரண்டு வாரக் கணக்கைத்தான் முடிவுக்கு எடுப்பது. நவம்பர் 10 திங்கட்கிழமை உட்கார்ந்து பேசுவது.

அன்றைக்கு என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட்டோம். இரண்டு குறியும் எட்டினால் திட்டம் முடிந்தது. ஒன்று எட்டி மற்றதில் கொஞ்சம் குறைந்தால், ஒரே ஒரு தடவை இன்னும் நாலு வாரம். இரண்டும் எட்டாவிட்டால் பட்டன், காஜா பிரிவுக்கு மாற்றம், சம்பளம் அதே. சொன்ன உதவியை நாங்கள் செய்யத் தவறினால் கெடு அத்தனை நாள் தள்ளிப் போகும்.

காகிதத்தைப் படித்துக் காட்டியதும் சரசு அழ ஆரம்பித்துவிட்டாள். "வேலையை விட்டுடறேன்னு எழுதி வாங்கறீங்களா அக்கா?" என்று கேட்டாள். கையெழுத்துக்கு மேலே, 'படித்துக் காட்டினார்கள், ஒரு பிரதி பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும்தான் இருக்கிறது என்று காட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வரியும் இல்லை. கீழே அவள் சொல்ல விரும்புவதை எழுத இடம் விட்டிருந்தோம். ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாள். "புதுக் காலர் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை." உண்மைதானே, அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

சனிக்கிழமை தோறும் 15 நிமிஷம், கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு. நோட்டில் இரண்டு வரி, இருவரின் கையெழுத்து. இரண்டாவது வாரம் மூத்தவள் அவசர ஆர்டரில் மாட்டிக்கொண்டு வரவே இல்லை. அதையும் எழுதி, அந்தப் பாடத்தை நாலாவது வாரத்துக்கு மாற்றினோம். அளக்கிற வாரங்களுக்கு முன்னாலேயே ஈடு கட்டிவிட்டதால் கெடுவை நகர்த்த வேண்டாம் என்று சரசுவே சொன்னாள். மூன்றாவது வாரம் சட்டை 26ஆக விழுந்தது. சூபர்வைசருக்கு ஒரே கலவரம். "முன்னைவிட மோசம் அக்கா!" ஆனால் திரும்பியது 4தான். பழைய பழக்கத்தை விட்டுப் புதிதாகக் கை படியும்போது வேகம் குறையும், பிழையும் குறையும். பிழை குறையாமல் வேகம் மட்டும் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஐந்தாவது வாரம் 31 சட்டை, 3 திரும்பல். கண்ணாடியும் அதற்குள் வந்துவிட்டது.

நவம்பர் 10 அன்று கணக்குப் பார்த்தோம். 12 வேலை நாளில் ஒரு நாள் லீவு. 11 நாளில் 64 சட்டை, திரும்பியது 4. தரம் எட்டிவிட்டது. எண்ணிக்கை 66 வந்திருக்க வேண்டும், இரண்டு குறைவு.

"ரெண்டு சட்டைதானே, விட்டுடலாமே" என்றாள் சூபர்வைசர். மனசு கேட்கவில்லைதான். ஆனால் எழுதியதை நம் இஷ்டத்துக்கு இன்று தளர்த்தினால், நாளைக்கு இன்னொருத்திக்கு இறுக்கவும் அதே வழிதான். எழுதியபடியே நாலு வாரம் நீட்டித்தோம். டிசம்பர் 6 வரை 24 நாள், 149 சட்டை, திரும்பியது 9.

திட்டம் முடிந்தது என்று தேதி போட்டு அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். அடுத்த சம்பள உயர்வுக்கு இதைக் காரணம் காட்டிக் குறைப்பதில்லை என்றும் அதில் ஒரு வரி சேர்த்தேன். செக்கிங்கில் நம்பர் போடுகிற வழக்கத்தை மட்டும் எடுக்கவில்லை. இப்போது 11 பேருக்கும் அதுதான்.