சூரியனில் தொடங்கும் பாட்டு

வால்டோர்ஃப் பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புக் குழந்தைகள் காலையில் எழுந்து நின்று ஒரு சிறு பாட்டைச் சேர்ந்து சொல்கிறார்கள். கதிரவனின் ஒளியில் தொடங்குவதால், ஏதோ ஒரு பழைய நாட்டார் வழிபாட்டின் எச்சம் என்றே அதை எண்ணத் தோன்றும். ஆனால் அதன் பிறப்பைத் தேடிச் சென்றபோது நான் வந்து சேர்ந்த இடம், ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் நடந்த ஓர் ஆசிரியர் கூட்டத்தின் குறிப்பு. அங்கிருந்த வால்டோர்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலையின் தலைவர் எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று தத்துவ அறிஞர் ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டுக்கொண்டார். 1919 செப்டம்பர் 7 அன்று அந்த முதல் வால்டோர்ஃப் பள்ளி தொடங்கியது. அதே மாதம் 25ஆம் தேதிக் கூட்டத்தில் ஸ்டைனர் இந்தப் பாட்டை ஆசிரியர்களுக்குச் சொன்னார்.

இதைச் சூரிய வணக்கம் என்று மட்டும் கொள்வது போதாது என்பதற்கு அந்தக் குறிப்பே சான்று. குழந்தைகள் முதலில் சொற்களைக் கற்கட்டும், வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிறகு மெல்ல மெல்லப் புரியவையுங்கள் என்கிறார் ஸ்டைனர். பாட்டின் நடையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. வெயில் பகலுக்கு வெளிச்சம் தருவது கண்ணுக்குத் தெரிகிறது; உள்ளிருக்கும் ஆற்றல் கைகால்களுக்கு வலுவூட்டுவதைக் குழந்தை உணரத்தான் முடியும். அடுத்து இறைவன் தந்த அந்த ஆற்றலைப் போற்றி, உழைக்கவும் கற்கவும் அது உதவட்டும் என்று விரும்பி, நன்றியில் முடிகிறது பாட்டு. மேல் வகுப்புகளுக்கு அதே கூட்டத்தில் தந்த இன்னொரு பாட்டும் முதலில் உலகைப் பார்த்துவிட்டுப் பின்பு தன் உள்ளத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

அப்படியானால் இது பிரார்த்தனைதானே, வகுப்பறையில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டைனர் இதைப் பள்ளியின் தொடக்கப் பாட்டு என்றே அழைக்கச் சொன்னார், பிரார்த்தனை என்ற சொல்லைத் தவிர்க்கச் சொன்னார் என்று பதில் வரலாம். பெயர் மாறினால் பொருள் மாறிவிடாது. பாட்டின் நடுவில் கடவுளை நேரே விளித்துப் பேசும்போது அது பிரார்த்தனைதான். பெற்றோரிடம் அதை வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை. கடவுள் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுச் சொல்லலாமே என்பது அடுத்த யோசனை. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கு அது நியாயமான தேவையும்கூட. ஆனால் அப்போது கடைசியில் சொல்லும் நன்றி யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. அதைச் சூரியனுக்கே திருப்பிவிட்டால், வெளியிலிருந்து உள்ளே போக எழுதிய பாட்டு வெளியிலேயே நின்றுவிடும். மாற்றுகிறவர்கள் ஒரு சொல்லை நீக்கினால் போதாது. கைகால்களின் வலுவைக் குழந்தை தனக்குள் உணரும் அந்த இரண்டாம் அடியைக் காப்பாற்றி, நன்றிக்கும் ஓர் இடம் தேடித்தர வேண்டும்.