காயிலுக்கு இரண்டு கணக்கு

வெள்ளகோவிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் விசைத்தறியோ நூற்பாலையோ இருக்கும். அந்த மெஷின்களின் கார்டுகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. வோல்ட்-செகண்ட் சமநிலை என்பதை டிப்ளமோவில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அது எதற்கு என்று விளங்க வைத்தது, நூற்பாலை ஒன்றிலிருந்து வந்த ஒரு கார்டு.

24 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சின்ன சர்க்யூட். எல்.எம்.2576 ஐசி, ஒரு டயோடு, ஒரு காயில், ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். வேறோர் இடத்தில் ஏற்கெனவே காயிலை மாற்றிப் பழுது பார்த்திருந்தார்கள். "வோல்டேஜ் கரெக்டா 5 காட்டுதுங்கண்ணா, அப்புறம் எதுக்குங்க ரீசெட் ஆகுது?" என்றார் எலக்ட்ரீஷியன். என் மல்டிமீட்டரும் 5 என்றே சொன்னது. கெபாசிட்டர் மட்டும் தொட முடியாத சூடு.

மீட்டரைக் காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே டிசியில் வைத்தேன். ஏறக்குறைய பூஜ்யம். கம்பியின் மின்தடையால் வந்த சொற்ப வோல்ட் மட்டும். காயிலின் ஐசி பக்க முனையோ 24-க்கும் பூஜ்யத்துக்கும் இடையே நொடிக்கு 52 ஆயிரம் முறை குதித்துக்கொண்டிருக்கிறது. சராசரி ஏன் பூஜ்யம்? அங்கேதான் பழைய பாடம் உயிர் பெற்றது.

ஐசி திறந்திருக்கும்போது காயிலின் மேல் 24-லிருந்து 5 போக 19 வோல்ட் நிற்கிறது, கரண்ட் ஏறுகிறது. மூடியதும் கரண்ட் டயோடு வழியாகச் சுற்றுகிறது. காயிலின் மேல் 5 வோல்ட் எதிர்த்திசையில் நின்று கரண்டை இறக்குகிறது. ஒரு சுற்றுக்கு 19.2 மைக்ரோ செகண்ட். ஏறியது முழுவதும் இறங்காவிட்டால் அடுத்த சுற்றில் கரண்ட் இன்னும் உயரும், அதற்கடுத்ததில் மேலும் உயரும். ஆகவே நிலைத்து ஓடும் சர்க்யூட்டில் வரவும் செலவும் சமமாக இருந்தே ஆக வேண்டும். 4 மைக்ரோ செகண்ட் திறப்பு என்றால் 19 × 4 = 76; மீதி 15.2 மைக்ரோ செகண்டில் 5 × 15.2 = 76. சரிதான். ஐசியிலும் டயோடிலும் விழும் ஓரிரு வோல்ட்டைச் சேர்த்தால் திறப்பு நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் கதை மாறாது.

இந்த 76-ஐக் காயிலின் மதிப்பால் வகுத்தால் கரண்டின் ஏற்ற இறக்கம், அதாவது ரிப்பிள், வந்துவிடும். இந்தக் கார்டுக்கு உரிய 100 மைக்ரோஹென்றி காயிலுக்கு 0.76 ஆம்பியர். கவனியுங்கள், இதில் லோடுக்கு இடமே இல்லை. சராசரி கரண்ட் தனிக் கணக்கு: நிலைத்த ஓட்டத்தில் கெபாசிட்டரின் சராசரி கரண்ட் பூஜ்யம் என்பதால், காயிலின் சராசரி லோடின் கரண்டேதான். இந்தக் கார்டு இழுப்பது 2 ஆம்பியர்; காயில் எதுவானாலும் சராசரி 2. சராசரியை லோடு தீர்மானிக்கிறது. ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது காயில். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "இரண்டு ஆம்பியர் தாங்குகிற காயில் போதும்" என்று கடையில் கேட்பவர்கள் நிறைய.

மாற்றப்பட்ட காயிலின் தலையில் 330 என்று அச்சிட்டிருந்தது. நூறைவிடப் பெரியது, நல்லதுதானே என்று வைத்திருப்பார்கள் போல. கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்வது; 330 என்றால் 33 மைக்ரோஹென்றி. நூறுக்கு 101 என்றிருக்கும். ரிப்பிள் இப்போது 76-ஐ 33-ஆல் வகுத்து 2.3 ஆம்பியர். கரண்ட் 0.85-க்கும் 3.15-க்கும் இடையே ஊசலாடுகிறது. ஐசியின் வரம்புக்குள்தான், அதனால் 5 வோல்ட் நிற்கிறது. ஆனால் அந்த ஊசலாட்டம் முழுவதும் கெபாசிட்டருக்குள் போய் வருகிறது. ரிப்பிள் மூன்று மடங்கானால் அதன் உள்தடையில் சூடு ஒன்பது மடங்கு. சூட்டில் காய்ந்து உள்தடை 0.4 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். சராசரிக்குக் கீழே இறங்கும் 1.15 ஆம்பியர் அதில் 0.46 வோல்ட்டைச் சரிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அவுட்புட் 4.54 வரை தொடுகிறது. 4.6 வோல்ட்டுக்குக் கீழே ரீசெட் செய்யும் சிப் தன் வேலையைத்தான் செய்கிறது. சராசரி காட்டும் மல்டிமீட்டருக்கு இது கண்ணில் படாது, ஸ்கோப்புக்குத்தான் படும்.

101 காயிலும் புதுக் கெபாசிட்டரும் போட்டதும் ஸ்கோப்பில் பல் வரிசை அடங்கியது. காயிலை வாங்கும்போது சராசரியைப் பார்க்காமல் 2.38 உச்சத்தைத் தாங்குமா என்று பார்த்தேன். உச்சத்தில் கரு நிறைந்துவிட்டால் காயிலின் மதிப்பே சரிந்து, நேர்க்கோடாக ஏற வேண்டிய கரண்ட் மேலே வளையும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. லோடு ரிப்பிளின் பாதிக்குக் கீழே, அதாவது 0.38 ஆம்பியருக்குக் கீழே, போனால் கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தில் சற்று நிற்கும். வோல்ட்-செகண்ட் அப்போதும் சமம்தான், ஆனால் சும்மா நிற்கும் நேரம் ஒன்று நுழைந்துவிடுவதால் திறப்பு விகிதம் 5-க்கு 24 என்பதைவிடக் குறைந்துவிடும். மெஷின் ஓடாமல் டிஸ்ப்ளே மட்டும் எரியும்போது காயிலின் ஐசி பக்க முனையில் ஸ்கோப்பை வைத்தால் அந்த இடைவெளியில் ஒரு நெளிவு தெரியும். அதைக் கண்டு ஐசியை மாற்ற வேண்டியதில்லை.