ஜமாஅத்திற்கு வராத தம்பி



இரசாயனச் சரக்கேற்றும் டேங்கர் கப்பலொன்றில், 9 மாத ஒப்பந்தத்தில் நாங்கள் 22 பேர் பணியாற்றினோம். எங்களில் ஐவர் முஸ்லிம்கள். இஷாவை உணவுக்கூடத்தின் ஒரு மூலையில் ஜமாஅத்தாகத் தொழுவது எங்கள் வழக்கம். ஏழாம் மாதத்தில், எங்களில் இளையவரான மாலுமித் தம்பி வருவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய ஈமான் தளர்ந்துவிட்டதென்றே எண்ணினோம்; ஒருவர் கடிந்தும் பேசினார். அது எங்கள் பிழை.

உண்மையை முதலில் கண்டவர் பிலிப்பைன்ஸ் நாட்டவரான போசன். தம்பி உணவுத் தட்டைத் தம் அறைக்கே எடுத்துச் செல்வதையும், உம்மாவின் அழைப்பை ஏற்காததையும், வேலையின்போது தவறான வால்வைத் திறந்ததையும் அவர் கவனித்திருந்தார். அவர் சொன்னபின் ஓய்வுநேரப் பதிவேட்டைப் புரட்டினோம்.

தம்பியின் காவல்முறை நள்ளிரவு 12 முதல் 4 வரை; மீண்டும் பகல் 12 முதல் 4 வரை. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் பணி காலை 6 முதல் 9 வரை. மாலை 6 முதல் 9 வரை தொட்டி கழுவுதல். கூட்டிப்பார்த்தால் ஓய்வு சரியாக 10 மணி நேரம். சர்வதேச விதி கோரும் குறைந்த அளவும் அதுவே. ஆனால் அவ்வோய்வை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கலாகாது என்றும், அவற்றுள் ஒன்று 6 மணி நேரமாவது தொடர்ந்திருக்க வேண்டுமென்றும் அதே விதி கூறுகிறது. தம்பிக்குக் கிடைத்தவையோ நான்கு துண்டுகள். எதுவும் 3 மணி நேரத்தைத் தாண்டவில்லை. பதிவேட்டில் மொத்தம் மட்டும் நிறைவாக இருந்தது.

அன்றிரவு எங்களில் மூத்தவர் அவரருகே அமர்ந்து, "தம்பி, செத்துவிடலாமென்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடாது, பேச வழிதிறக்கும். தம்பி அழுதார். இரவுக் காவலில் கப்பல் விளிம்பருகே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

அதன்பின் அவரைத் தனியே விடவில்லை. கேப்டன் அவரைக் காவலிலிருந்து விடுவித்தார். நாங்கள் முறை வைத்து அவர் வேலையைப் பகிர்ந்துகொண்டோம். செயற்கைக்கோள் தொலைபேசி வழியே கரையிலுள்ள மருத்துவரின் ஆலோசனை கிடைத்தது. அடுத்த துறைமுகத்தில் அவர் இறங்கினார். நோயுற்ற மாலுமி ஊர் திரும்பும் செலவு கப்பல் உரிமையாளரைச் சார்ந்தது. அவர் கடன்படத் தேவையில்லை.

எஞ்சிய இரு மாதங்களும் இரவு உணவின்போது கைபேசிகளை ஒரு பெட்டியில் இட்டுவிட்டு, ஒன்றாக அமர்ந்து உண்டோம். ஒரு நாற்காலி காலியாயிருந்தால், யாரேனும் ஒருவர் எழுந்து அவரது அறைக்கதவைத் தட்டினோம்.

கடலில் பிள்ளையுள்ள வீட்டாரே, அழைப்பு வரும்போது "தொழுதாயா, சாப்பிட்டாயா" என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "நேற்று எத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்கினாய்?"